பதினொரு மணிப் பசி

காலை எட்டரைக்கு இரண்டு தோசையும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டவருக்குப் பதினொரு மணிக்கெல்லாம் வயிறு கூப்பிடுகிறது. எடையைக் குறைக்க வேண்டும் என்று மூன்றாவது தோசையை ஒதுக்கி வைத்தவர் அவர். பக்கத்து மேசையில் டீயும் பிஸ்கட்டும் வருகிறது, கை நீள்கிறது. மூன்றாவது தோசையில் மிச்சம் பிடித்த கலோரி அங்கேயே தீர்ந்துபோகிறது. இதை மனஉறுதி இல்லாத குறை என்று சொல்லிவிடுவார்கள். தட்டில் என்ன இருந்தது என்று பார்த்தால், குற்றத்தில் பாதிக்கு மேல் தட்டின் மேல்தான் விழும்.

ஒரே அளவு கலோரி ஒரே அளவு பசியை ஆற்றுவதில்லை. இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1995-இல் வெளிவந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 240 கலோரி வருமாறு அளந்து, சிறு சிறு குழுக்களுக்குக் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்கள் கால் மணிக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் வரை, வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று மதிப்பெண் போட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டார்கள்.

முதலிடம் எதற்கு வந்தது என்பதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். வெறுமனே அவித்த உருளைக்கிழங்கு, 323. கடைசி இடம் வெண்ணெய் வைத்து அடுக்கடுக்காகச் சுடும் குரோசான் ரொட்டிக்கு, 47. மீன் 225, ஆரஞ்சு 202, முட்டை 150. வெள்ளைச் சோறு 138 வாங்கியது. தவிடு நீக்காத பழுப்பரிசிச் சோறு 132. வேர்க்கடலை 84-இல் நின்றுவிட்டது. டயட் என்றதும் முதல் வேலையாக உருளைக்கிழங்கைத் தள்ளிவைத்துவிட்டு, கைப்பிடி கைப்பிடியாகக் கடலை கொறிப்பவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

ஏன் இப்படி? 240 கலோரிக்கு நடுத்தர அளவில் மூன்று கிழங்கு வரும். அதே கலோரிக்குக் குரோசான் ஒன்றே ஒன்றுதான். ஆய்வில் எந்த உணவின் எடை அதிகமோ அது பெரும்பாலும் அதிக மதிப்பெண் பெற்றது. தண்ணீர், நார்ச்சத்து, புரதம் கூடியவை மேலே போயின. கொழுப்பு கூடியவை கீழே இறங்கின. அதே உருளைக்கிழங்கை எண்ணெயில் பொரித்தபோது மதிப்பெண் 116 ஆகிவிட்டது. கிழங்கு மாறவில்லை. உள்ளே இருந்த தண்ணீர் வெளியேறி அந்த இடத்தில் எண்ணெய் ஏறிவிட்டது.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வோர் உணவையும் பத்துப் பன்னிரண்டு பேர்தான் சாப்பிட்டார்கள். பார்த்ததும் இரண்டு மணி நேரம் மட்டும்தான். ஒரு நாள் முழுக்கப் பசி எப்படிப் போகும் என்பதை அது சொல்லவில்லை. உருளைக்கிழங்கை மட்டும் தின்று யாரும் காலம் தள்ளவும் முடியாது. ஆனால் எந்தத் திசையில் தேட வேண்டும் என்பது அதிலிருந்து தெரிகிறது.

வயிற்றுக்கு ஒரு விஷயம் தெரியாது: கலோரி. அதற்குத் தெரிந்தது விரிவு. இரைப்பை விரியும்போது அதன் சுவரிலுள்ள நரம்பு முனைகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. பிறகு உணவு சிறுகுடலுக்குள் இறங்கும்போது, அதிலுள்ள புரதமும் கொழுப்பும் அங்கே சில ஹார்மோன்களைச் சுரக்கவைக்கின்றன. அவை இரைப்பை காலியாவதை மெதுவாக்கி, போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. முதல் செய்தி இப்போது எழுந்திரு என்கிறது. இரண்டாவது செய்தி அடுத்த வேளை வரை பொறு என்கிறது. குறைந்த கலோரியில் இரண்டையும் வாங்குவதுதான் நம் வேலை. அதற்குப் புரதத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும், அடுத்து காய்கறி, பிறகு எண்ணெய், கடைசியில் சோறு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. சோற்றைப் போட்டுவிட்டு மற்றவற்றை அதற்குத் தொட்டுக்கொள்ளக் கேட்கிறோம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 42 வயது, 156 சென்டிமீட்டர் உயரம், 70 கிலோ எடை, உட்கார்ந்து பார்க்கும் வேலை உள்ள ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். எடை கூடாமலும் குறையாமலும் இருக்க அவருக்கு நாளுக்குச் சுமார் 1,800 கலோரி போதும். அதில் 400 குறைத்து 1,400-இல் நிற்கிறார். இதற்கு மேல் குறைத்தால் எந்த உணவைத் தேர்ந்தெடுத்தாலும் பசி பசிதான். 900 கலோரி டயட்டில் இருந்துகொண்டு எந்தக் காய் வயிறு நிறைக்கும் என்று கேட்பதில் பொருளில்லை.

அவருடைய பழைய காலை உணவு: இரண்டு தோசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய், மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ச் சட்னி. ஏறக்குறைய 420 கலோரி. அதில் புரதம் எட்டு கிராம் தேறினால் அதிகம். மாற்றிய காலை உணவு: அரைத் தேக்கரண்டி எண்ணெயில் ஒரு தோசை, அவித்த முட்டை இரண்டு, ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார். கலோரி 395. புரதம் இப்போது 20 கிராமுக்கு மேல். தோசை போகவில்லை, சாம்பாருக்குப் பதில் சட்னி வேண்டும் என்றால் தக்காளிச் சட்னி இருக்கிறது. ஆனால் பதினொரு மணிப் பசி ஒன்றோ இரண்டோ மணி நேரம் தள்ளிப்போகும்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு முழுப் பச்சைப்பயறு இருக்கிறது. 70 கிராம் பயறை இரவில் ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய் சேர்த்து அரைத்தால் ஆந்திரத்துப் பெசரட்டு போல இரண்டு தோசை வரும். அதில் மட்டும் சுமார் 16 கிராம் புரதமும் 11 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. புரதம், நார் இரண்டும் ஒரே பொருளில் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது பயறு வகைகளில்தான். அதனால் சைவர்களுக்கு இந்த விஷயத்தில் பின்னடைவு என்று நான் நினைக்கவில்லை. அளவைப் பற்றிய மயக்கம்தான் அவர்களுக்கு இடைஞ்சல்.

அந்த மயக்கத்தின் பெயர் சாம்பார். “தினமும் பருப்பு சேர்க்கிறோமே” என்று கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நாலு பேருக்கு எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள் என்று கேட்டால் கதை தெரியும். 100 கிராம் துவரம் பருப்பு போட்டால் ஆளுக்கு 25 கிராம். அதில் புரதம் ஐந்தரை கிராம். மறுநாளைக்கும் வரட்டும் என்று அதே பருப்பில் தண்ணீர் விட்டுப் பெருக்கினால் மூன்று கிராம்கூட வராது. குழம்பில் எவ்வளவு ஊற்றிக்கொண்டோம் என்று பார்ப்பதைவிட, ஊறப்போடும்போது காய்ந்த பருப்பை எடை பார்ப்பதே சரியான வழி. ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு 25 முதல் 40 கிராம் வரை காய்ந்த பருப்போ பயறோ இருந்தால்தான் அதைப் புரத உணவு என்ற கணக்கில் சேர்க்கலாம்.

மதிய உணவுக்கு வருவோம். வடித்த சோறு 150 கிராம், 195 கலோரி. பழைய தட்டில் இது இரு மடங்கு இருந்தது. அயலை மீன் 120 கிராம் போட்ட புளிக்குழம்பு, எண்ணெயோடு சேர்த்து 180. பீன்ஸ், முட்டைகோஸ், அவரை, புடலை என ஏதாவது ஒரு பொரியல் 200 கிராம், ஒரு தேக்கரண்டி எண்ணெயோடும் தேங்காய்த் துருவலோடும் 110. ஒரு கிண்ணம் தயிர் 60. மொத்தம் 545 கலோரி. புரதம் 30 கிராமைத் தாண்டிவிடும். மீன் வேண்டாதவர்கள் 30 கிராம் காய்ந்த சோயா உருண்டையைக் குழம்பில் போடலாம். சுமார் நூறு கலோரியில் 15 கிராம் புரதம் தருகிற பொருள் சைவத்தில் வேறு எளிதாகக் கிடைப்பதில்லை. பன்னீரை அந்த இடத்தில் வைத்தால் கணக்கு மாறும். அதில் புரதம் உண்டு, ஆனால் கலோரியில் பெரும்பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது. இரண்டு துண்டு ருசிக்குப் போடலாம், கிண்ணம் நிறையப் போட முடியாது.

இந்தத் தட்டில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது பொரியல். 200 கிராம் என்பது கல்யாணப் பந்தியில் இலை ஓரத்தில் வைக்கும் இரண்டு கரண்டி அல்ல, சோற்றைவிட உயரமாக நிற்கும் ஒரு குவியல். முதல் நாள் பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் அபத்தமாகவே இருக்கும். வெந்த புடலை, சுரை, பீர்க்கை போன்ற நீர்க்காய்கள் 100 கிராமுக்கு இருபது கலோரி சுற்றளவில்தான் இருக்கின்றன. சோறு 130. வயிற்றில் இரண்டும் ஒரே இடத்தைத்தான் அடைக்கின்றன.

தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துவிட்டுச் சாப்பிட்டால் அதே பலன் வராதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் இதைத்தான் சோதித்தார். ஒரே பொருட்களைச் சோறும் காயும் சேர்ந்த உணவாக ஒருமுறை, அதே உணவோடு தண்ணீரைத் தனியாகக் கொடுத்து ஒருமுறை, அந்தத் தண்ணீரையும் சேர்த்துச் சூப்பாகக் காய்ச்சி ஒருமுறை என்று கொடுத்துப் பார்த்தார். சூப்பாகக் குடித்தவர்கள் மட்டுமே அதற்குப் பிறகு வந்த மதிய உணவைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். தனியாகக் குடித்த தண்ணீர் அந்த வேலையைச் செய்யவில்லை. பிறகு அவரே செய்த இன்னோர் ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் முழு ஆப்பிளைக் கடித்துத் தின்றவர்கள் மொத்தத்தில் 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். ஆப்பிள் சாறு குடித்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. நம் சமையலில் இதற்குப் பொருத்தமானது கூட்டு. தண்ணீர் காய்க்குள்ளும் பருப்புக்குள்ளும் பிடிபட்டு நிற்கிறது, மென்றுதான் விழுங்க வேண்டியிருக்கிறது.

நார்ச்சத்திலும் எல்லாம் ஒன்றல்ல. தண்ணீரில் ஊறிக் குழகுழவென்று ஆகும் நார்தான் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. வெண்டைக்காயின் கொழகொழப்பு, ஊறிய வெந்தயத்தின் வழுவழுப்பு, ஓட்ஸ் கஞ்சி ஆறினால் கெட்டியாவது எல்லாம் இந்த வகை. தவிட்டு நார் மலச்சிக்கலுக்கு நல்லது. பசிக்கு அவ்வளவு உதவாது. பழுப்பரிசி மேலே சொன்ன ஆய்வில் வெள்ளை அரிசியை மிஞ்சாமல் போனதில் எனக்கு வியப்பில்லை. சிறுதானியம் பற்றியும் ஒரு வார்த்தை: சத்துகள் அதில் கூடுதல், நாரும் கூடுதல்தான். ஆனால் காய்ந்த எடைக்குக் கலோரி அரிசியை ஒட்டியே இருக்கிறது. தினைப் பொங்கலை நெய் ஊற்றி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எடை ஏன் குறையவில்லை என்று தினையிடம் கேட்க முடியாது.

நாரைக் கூட்டும்போது அவசரம் கூடாது. பத்துப் பன்னிரண்டு கிராமில் பழகிய குடலுக்கு ஒரே நாளில் முப்பது கிராம் கொடுத்தால் வயிறு உப்பி, வாயு பிரிந்து, “பயறு எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்ற முடிவுக்கு ஆள் வந்துவிடுவார். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும். கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவற்றை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் தொல்லை கணிசமாகக் குறையும். இசப்கோல் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். அதை உலர்ந்த தூளாக வாயில் போட்டால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

கொழுப்பின் கதைதான் சிக்கலானது. ஒரு கிராம் புரதத்திலும் மாவுச்சத்திலும் நான்கு கலோரி, கொழுப்பில் ஒன்பது. அது சுவையைத் தருகிறது, இரைப்பையை மெதுவாகக் காலியாக்குகிறது. ஆனால் அந்தச் செய்தி தாமதமாகத்தான் வருகிறது, அதற்குள் நிறையவே உள்ளே போயிருக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. அது தட்டில் இடமே பிடிப்பதில்லை, சோற்றில் ஒரு கரண்டி குறைத்தால் கண்ணில் படுவது போல எண்ணெயில் கூடியது படுவதில்லை. பற்றாக்குறைக் கணக்கு காணாமல் போகும் முதல் இடம் வாணலிதான்.

அதை வெளியே கொண்டுவர எளிய வழி, மாதக் கணக்குப் பார்ப்பது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி. ஏறக்குறைய 270 கலோரி. நெய்யும் தேங்காயும் இதில் சேரவில்லை. நம் கணக்கிலுள்ள பெண்ணுக்கு 20 மில்லி, அதாவது நான்கு தேக்கரண்டி போதும். அந்த 13 மில்லி வித்தியாசமே நூறு கலோரிக்கு மேல். தினமும் காலையில் அன்றைக்கான எண்ணெயை ஒரு சின்னப் பாட்டிலில் அளந்து வைத்துவிட்டு, அதிலிருந்து மட்டுமே தாளிப்பது பல வீடுகளில் நடக்கக்கூடிய காரியம்.

இதற்காக எண்ணெயே இல்லாமல் சமைக்க வேண்டியதில்லை, கூடவும் கூடாது. ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடலில் சேரக் கொழுப்பு தேவை. கொழுப்பை அறவே நிறுத்தி வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பை சரியாகச் சுருங்காமல் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. அதோடு, எண்ணெயே படாத பொரியலை 200 கிராம் எத்தனை நாள் சாப்பிட முடியும்? காயைச் சாப்பிட வைக்கும் அந்த ஒரு தேக்கரண்டி வீணில்லை. கொழுப்பைப் புரதத்தோடோ நாரோடோ ஒட்டி வருகிற இடத்தில் வாங்கிக்கொள்வது நல்லது: முட்டையின் மஞ்சள் கரு, மத்தி, அயலை, கடலை வகைகள்.

கடலைக்குள் ஒரு கண்ணி இருக்கிறது. வேர்க்கடலையைப் புரத உணவு என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராமில் ஏழு எட்டு கிராம் புரதத்தோடு 170 கலோரி வருகிறது, முக்கால் பங்கு கொழுப்பிலிருந்து. ஒரு கைப்பிடியில் நிற்பவர்களுக்குப் பரவாயில்லை. பாதாம் பற்றி அமெரிக்க வேளாண்துறை விஞ்ஞானிகள் 2012-இல் ஒரு சுவையான செய்தி சொன்னார்கள்: முழுப் பாதாமை மென்று தின்றால், புத்தகக் கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான கலோரியே உடலில் சேர்கிறது. பல்லுக்குத் தப்பிய சின்னச் சின்னத் துண்டுகளுக்குள் இருக்கும் கொழுப்பு செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. அரைத்து வெண்ணெயாக்கினால் இந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும்.

மாலைக்கு 30 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல், 130 கலோரி. இரவுக்கு இரண்டு இட்லியும், 25 கிராம் பாசிப்பருப்பு போட்ட சுரைக்காய்க் கூட்டும், 270-280. சர்க்கரை போடாத டீ 50. நாள் முடிவில் 1,400 கலோரி, எழுபது கிராமுக்கு மேல் புரதம், 25 கிராம் அளவில் நார், கலோரியில் கால் பங்கு சொச்சம் கொழுப்பு. எடை குறையும் காலத்தில் புரதம் இந்த அளவு இருந்தால் தசை கரைவதும் குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கிற சர்க்கரை நோயாளிகள் சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். மருந்தின் அளவை முதலில் பேசிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு செய்தும் பசித்தால், எப்போது பசிக்கிறது என்று பார்க்க வேண்டும். சாப்பிட்டு எழும்போதே வயிறு காலியாக இருப்பது போலிருந்தால் அந்த வேளையில் காயும் நீரும் குறைவு. நிறைவாக எழுந்து இரண்டு மணி நேரத்தில் பசித்தால் புரதம் குறைவு. பெரும்பாலும் காலை உணவில்தான் இது நடக்கும். பகலெல்லாம் நன்றாகப் போய் இரவு பத்து மணிக்கு அலமாரியைத் திறக்க வைத்தால், பகலில் தேவைக்கு மேல் குறைத்திருக்கிறோம் என்று அர்த்தம். மாலைச் சுண்டலை 50 கிராமாக்கிப் பார்க்கலாம். எல்லா வேளையிலும் பசித்தால் பற்றாக்குறையே பெரிதாக இருக்கிறது, நானூறை முந்நூறாக்க வேண்டும்.

சில கிலோ இறங்கிய பிறகு வரும் பசி வேறு ரகம். மெல்போர்னில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், எடை குறைத்தவர்களின் உடலில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடியிருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. அவர்களுக்குப் பசியும் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. அதனால் எடை எட்டிவிட்டது என்று பொரியல் குவியலை மறுபடி இரண்டு கரண்டியாக்கிச் சோற்றைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது, பசி மிகவும் உரக்கப் பேசும் நேரத்தில் அதற்கான மருந்தை நிறுத்துவதாகும். கூட்ட வேண்டிய கலோரியை அரைக் கரண்டி சோறு, ஒரு பழம் என்று மெல்லக் கூட்டலாம். புரதத்தையும் காயையும் அப்படியே விட்டுவைக்க வேண்டும்.